இரண்டு சாவி, பன்னிரண்டு அடி

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்வெளியாகக் கிடக்கும் நிலத்தின் நடுவே, ‘டெல்ட்டா ஒன்’ என்றொரு இடம் இருக்கிறது. மேலே பார்த்தால் ஏதோ பண்ணைவீடு போலத்தான் தெரியும். லிஃப்டில் ஏறி சுமார் 30 அடி கீழே போனால், 8 டன் எடையுள்ள இரும்புக் கதவு ஒன்று நிற்கும். அதில் ஒரு பீட்சா டப்பாவை வரைந்து வைத்திருக்கிறார்கள். 30 நிமிடத்துக்குள் உலகின் எந்த மூலைக்கும் டெலிவரி, தாமதமானால் அடுத்தது இலவசம் என்று அதில் எழுதியிருக்கிறது. அங்கே வேலை பார்த்த விமானப்படை ஆட்களின் குசும்பு அது. அவர்கள் டெலிவரி செய்யக் காத்திருந்தது மினிட்மேன் ரக அணு ஏவுகணைகளை. 1991க்குப் பிறகு அந்த ஏவுகணைகளை எடுத்துவிட்டார்கள். இப்போது டெல்ட்டா ஒன் ஒரு காட்சியகம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது நீளமான, குறுகிய ஓர் அறை. தண்டவாளம் போன்ற கம்பிகளில் நகரும் இரண்டு நாற்காலிகள், அவற்றில் சீட் பெல்ட். மேலே குண்டு விழுந்து அறையே குலுங்கினாலும் உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படாமல் இருப்பதற்காக அந்த பெல்ட். ஒரு நாற்காலி கமாண்டருக்கு, இன்னொன்று அவருடைய டெபுடிக்கு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சாவித்துளை. இரண்டு துளைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 12 அடி இடைவெளி. உலகை அழிக்கக்கூடிய ஆயுதத்தைத் தப்பான கையிலிருந்து காப்பாற்றும் ஏற்பாடுகளில் மிக எளிமையானது இந்த 12 அடிதான்.

நம் ஊர் வங்கி லாக்கருக்கும் இரண்டு சாவிதான். ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றது வங்கியிடம். ஆனால் இரண்டு சாவியும் ஒருவர் கையில் கிடைத்துவிட்டால் அந்த லாக்கர் திறந்துவிடும். டெல்ட்டா ஒன்னில் அது நடக்காது. இரண்டு சாவிகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இரண்டு நொடி வித்தியாசத்துக்குள், திருப்பியாக வேண்டும். திருப்பியபின் சில நொடிகள் அப்படியே பிடித்திருக்கவும் வேண்டும். ஒருவர் ஒரு சாவியைத் திருப்பிவிட்டு ஓடிப்போய் அடுத்ததைத் திருப்ப முடியாது. எவ்வளவு நீளக் கை இருந்தாலும் எட்டாது. கூட இருப்பவரை மிரட்டி, அடித்துப் போட்டு, அவர் சாவியைப் பிடுங்கினாலும் பயனில்லை. சாவி இரண்டு இருப்பதைவிட, இரண்டு உயிருள்ள, ஒத்துழைக்கும் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

சாவிகள் சும்மா மேஜைமேல் கிடப்பதில்லை. சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டகம், அதில் இரண்டு தொங்கு பூட்டுகள். ஒரு பூட்டின் எண் கமாண்டருக்கு மட்டும் தெரியும், மற்றதன் எண் டெபுடிக்கு மட்டும். சாவிகளோடு, முத்திரையிட்ட ரகசியக் குறியீட்டு அட்டைகளும் அதற்குள் இருக்கும். மேலிடத்திலிருந்து கட்டளை வந்தால் அது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரமாக வரும். இருவரும் அதைத் தனித்தனியாக எழுதிக்கொண்டு, ஒப்பிட்டு, பெட்டகத்தைத் திறந்து அட்டையோடு சரிபார்ப்பார்கள். இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த வேலை.

இதைத்தான் இருவர் விதி என்கிறார்கள். பெயரைக் கேட்டால் இரண்டு பேர் இருந்தால் போதும் என்று தோன்றும். விதியின் உண்மையான நிபந்தனை அதைவிடக் கடுமையானது. இருவருக்கும் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் செய்வது தப்பா, விதிக்குப் புறம்பா என்பதை மற்றவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். வேலை தெரியாத ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்தால் அது இருவர் விதி ஆகாது. அணுகுண்டு இருக்கும் கிடங்கு, அதைப் பழுதுபார்க்கும் பட்டறை, குண்டேற்றிய விமானத்தைச் சுற்றியுள்ள இடம் எல்லாவற்றிலும் ‘தனி ஆளுக்கு அனுமதி இல்லை’ என்று தரையிலேயே கோடு கிழித்து எழுதியிருப்பார்கள். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குக்கூட இருவர் போக வேண்டும்.

சரி, இருவரும் சேர்ந்து கெட்டுப்போனால்? 24 மணி நேரம் பூமிக்கடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர நேரமா இல்லை? இதை யோசித்தவர்கள் அடுத்த ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு மினிட்மேன் படைப்பிரிவில் 50 ஏவுகணைகள் உண்டு. டெல்ட்டா ஒன் போன்ற ஐந்து நிலவறைகள் அவற்றைக் கவனிக்கும். ஓர் அறைக்கு 10 ஏவுகணை என்று பொறுப்புப் பிரித்திருந்தாலும், ஐந்து அறைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஓர் அறையில் சாவியைத் திருப்பினால் ஏவுகணை கிளம்பிவிடாது. அது ஒரு ‘ஓட்டு’ மட்டும்தான். இன்னோர் அறையிலிருந்து இரண்டாவது ஓட்டு விழுந்தால்தான் ஏவுகணை கிளம்பும். ஆக, இரண்டு பேர் அல்ல, நான்கு பேர் சேர வேண்டும். அது மட்டுமல்ல, ஓர் அறை கட்டளை இல்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டது என்று மற்ற அறைகளுக்குத் தெரிந்தால், அவை எதிர்க்கட்டளை அனுப்பி அதைத் தடுக்க முடியும்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எதிரியின் தாக்குதலில் நான்கு அறைகள் அழிந்து ஒன்று மட்டும் மிஞ்சினால்? அப்போது இரண்டாவது ஓட்டுக்கு எங்கே போவது? அதற்காக ஒரு கடிகாரத்தை வைத்திருந்தார்கள். ஒரே ஓர் ஓட்டு விழுந்தால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வேறு எந்த அறையும் தடுக்கவில்லை என்றால், மற்றவர்கள் உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்த ஒற்றை ஓட்டையே ஏற்றுக்கொள்ளும். அணு ஆயுதப் பொறியாளர்களின் தீராத தலைவலி இதுதான். கட்டளை வந்தால் கட்டாயம் வெடிக்க வேண்டும், வராவிட்டால் ஒருபோதும் வெடிக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். பூட்டுகளைப் பற்றிய எல்லாச் சண்டையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

ஏவும் அறையைக் காவல் காப்பது ஒரு விஷயம். குண்டையே பூட்டிவைப்பது வேறு விஷயம். இரண்டாவது யோசனை வலுப்பெற்றது 1960 டிசம்பரில், ஐரோப்பாவில்.

அப்போது அமெரிக்கா தன் நேட்டோ நட்பு நாடுகளின் விமானத் தளங்களில் அணுகுண்டுகளை வைத்திருந்தது. விமானமும் விமானியும் அந்த நாட்டுக்குச் சொந்தம், குண்டு மட்டும் அமெரிக்காவுடையது. அமெரிக்கச் சட்டப்படி குண்டு அமெரிக்கர்களின் பாதுகாப்பில்தான் இருந்தாக வேண்டும். அந்தப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் கூட்டுக் குழுவினர் போனார்கள். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர் ஹரால்ட் ஆக்னியூவும் கூடப் போனார். ஹிரோஷிமா மீது குண்டு விழுந்தபோது கூடவே பறந்த விமானத்திலிருந்து அதை அளந்தவர் அவர். குண்டு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெர்மனியில் ஓடுபாதை ஓரமாக விமானங்கள் தயாராக நின்றன. விமானத்தில் ஜெர்மன் சின்னம், அடியில் அமெரிக்க அணுகுண்டு. சுற்றிலும் ஜெர்மன் ஆட்கள். அமெரிக்கப் பாதுகாப்பு என்று காகிதத்தில் இருந்தது அங்கே ஓர் இளம் சிப்பாயாக, கையில் ஒரு துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான், ஒரே ஆள். யாராவது ஏறி விமானத்தை ஓட்டிக்கொண்டு போக முயன்றால் என்ன செய்வாய், யாரைச் சுடுவாய் என்று ஆக்னியூ அவனிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லிவைக்கவே இல்லை.

விமானி நேர்மையானவராக இருக்கலாம். அந்த நாட்டு அரசும் நட்பு அரசாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ராணுவப் புரட்சியோ, ஒரு தனிமனிதனின் வெறியோ போதும், குண்டு கைமாறிவிடும். அதைத் தடுக்க அந்தச் சிப்பாயைப் போல நூறு பேரை நிறுத்தினாலும் போதாது. திருடினாலும் பயன்படாத குண்டு வேண்டும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடம் ஏற்கெனவே இப்படியொரு குறியீட்டுப் பூட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. கூட்டுக் குழு அதைப் பிடித்துக்கொண்டு, பதவிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த கென்னடியிடம் கொண்டுபோனது. அவருடைய அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னரும் பூட்டுக்கு ஆதரவாக நின்றார். 1962 ஜூன் 6ஆம் தேதி கென்னடி கையெழுத்திட்டார். நேட்டோவுக்கென ஒதுக்கிய அமெரிக்க அணு ஆயுதங்களில் இந்தப் பூட்டைப் பொருத்த வேண்டும் என்பது உத்தரவு.

அனுமதிப் பூட்டு என்று இதைச் சொல்லலாம். பூட்டு என்றதும் வெளியே தொங்கும் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். குண்டு வெடிக்க வேண்டுமானால் அதற்குள் சில மின்சுற்றுகள் முழுமை பெற வேண்டும். அந்தச் சுற்றின் நடுவே ஒரு விசை. சரியான எண் வரும்வரை விசை திறந்தே இருக்கும், மின்சாரம் அதைத் தாண்டாது. முதலில் வந்த பூட்டுகள் நான்கு இலக்க எண் கொண்டவை. நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். ஒரு முயற்சிக்கு 10 நொடி என்று வைத்தாலும், பொறுமையுள்ள ஒருவன் 28 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். குண்டைத் திருடியவனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காதா? அதனால் அடுத்தடுத்த தலைமுறைகளில் ஆறு இலக்கம் வந்தது, பிறகு 12 இலக்கம். 12 இலக்கத்தில் லட்சம் கோடி வாய்ப்புகள். அதைவிட முக்கியமான மாற்றம், தவறான எண்ணைச் சில முறைகளுக்குமேல் போட்டால் குண்டு தன்னையே முடக்கிக்கொள்ளும் ஏற்பாடு. நம் ஏடிஎம் அட்டையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அதே தர்க்கம்தான், ஆனால் இங்கே மேலாளரிடம் போய்த் திரும்பக் கேட்க முடியாது.

எண்ணைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டுப் பூட்டையே வெட்டி எடுத்தால் என்ன? கம்பியை வெட்டி வேறு பக்கமாக இணைத்தால்? அதனால்தான் பூட்டைக் குண்டின் ஆழத்தில், வெடிக்கும் பாகங்களோடு பிணைத்து வைக்கிறார்கள். அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் குண்டையே பிரித்துக் கட்ட வேண்டும். டான்சில் அறுவைச் சிகிச்சையை வாய் வழியாகச் செய்யாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைந்து செய்வது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று ஆயுத வடிவமைப்பாளர்கள் மத்தியில் ஒரு கேலிப்பேச்சு உண்டு.

நட்பு நாட்டுத் தளங்களில் இருந்த குண்டுகளுக்குப் பூட்டு வந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவின் சொந்தப் படைகளுக்கு இது பிடிக்கவில்லை. போர் மூளும் நேரத்தில் எண் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இந்தப் பூட்டே வேண்டாம் என்று பல ஆண்டுகள் மறுத்தது. கடலுக்கடியில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி போவதே கஷ்டம், இதில் எண் வேறா என்றது. அங்கே பூட்டுக்குப் பதிலாகக் காவல் இருந்தது மனிதர்கள்தான். ஒரு நீர்மூழ்கியிலிருந்து ஏவுகணையை ஏவப் பல இடங்களில் பலர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், கேப்டன் தனியாக எதுவும் செய்துவிட முடியாது என்பது அவர்கள் வாதம். பிரிட்டனின் கதை இன்னும் வேடிக்கை. அந்நாட்டு விமானப்படை 1998 வரை வைத்திருந்த குண்டுகளில் எண் பூட்டே கிடையாது. சைக்கிள் பூட்டுக்குப் போடுவது போன்ற ஒரு சாவிதான். 2007இல் பிபிசி இதை வெளியிட்டபோது அந்த நாட்டு மக்களே கொஞ்சம் ஆடிப்போனார்கள்.

மினிட்மேன் ஏவுகணைகளுக்கும் பின்னால் ஒரு குறியீட்டுத் தடை சேர்க்கப்பட்டது. அதைப் பற்றி ஒரு சர்ச்சை இன்றும் ஓயவில்லை. 1970களின் தொடக்கத்தில் மொன்டானா மாநிலத்து நிலவறைகளில் பணியாற்றியவர் புரூஸ் பிளேர். பிற்காலத்தில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறையில் பெரிய ஆய்வாளர். அவர் 2004இல் எழுதினார்: அந்த எட்டு இலக்கத் தடையின் எண்ணாக விமானப்படை வைத்திருந்தது எட்டுப் பூஜ்ஜியங்கள், ஏவுவதற்கு முன் எண் பூஜ்ஜியத்திலேயே இருக்கிறதா என்று சரிபார்க்கும்படி எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள் என்று. பூட்டு போடச் சொன்னவர்கள் வாஷிங்டனில், பூட்டைத் திறந்துவைத்தவர்கள் களத்தில் என்று அர்த்தம். விமானப்படை இதை முற்றாக மறுத்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் எந்த அலுவலகத்திலும் கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டிவைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு பிளேர் சொன்னது அவ்வளவு நம்ப முடியாததாக இருக்காது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இருவர் விதியும் அனுமதிப் பூட்டும் தடுப்பது மனிதர்களை. அனுமதியில்லாமல், அவசரத்தில், பைத்தியக்காரத்தனத்தில் யாராவது குண்டைக் கிளப்பிவிடக் கூடாது என்பது அவற்றின் வேலை. இயந்திரமே தவறினால் அவை உதவாது. 1961 ஜனவரியில் வட கரோலினா மாநிலம் கோல்ட்ஸ்பரோ அருகே ஒரு பி-52 விமானம் நடுவானில் உடைந்து, இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. அங்கே எந்தச் சாவியையும் யாரும் திருப்பவில்லை. ஆனாலும் உடைந்த விமானமே ஒரு குண்டை விமானி போட்டதுபோல விடுவித்து, அடுத்தடுத்த படிகளை அது தானாகவே தாண்டிப் போயிற்று. பாராசூட்டும் விரிந்தது. கடைசியில் வெடிக்காமல் நிறுத்தியது ஒரு சாதாரண மின்விசை என்று சாண்டியா பொறியாளர் ஒருவர் 1969இல் குறிப்பெழுதி வைத்தார். அதன் பிறகுதான் விபத்தில் தானாக வெடிக்காதபடி குண்டின் உள்ளமைப்பையே மாற்றும் வேலை மும்முரமானது. அது தனிக் கதை.

இந்தப் பூட்டுகளால் தடுக்க முடியாத இன்னொன்று, முறையாக வரும் தப்பான கட்டளை. 1980 ஜூன் 3ஆம் தேதி அதிகாலை அமெரிக்க எச்சரிக்கைத் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. முதலில் 2, பிறகு 220 என்று எண்கள் மாறி மாறி வந்தன. விமானிகள் குண்டுவீச்சு விமானங்களின் எஞ்சினை முடுக்கினார்கள், நிலவறைகளுக்கு எச்சரிக்கை போனது. பிறகு விசாரித்ததில் பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 2 என்று நிரப்பிக்கொண்டிருந்தது ஒரு பழுதான சிப் என்று தெரிந்தது. அதன் விலை 46 சென்ட். ராடார் தரவு ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் அதிகாரிகள் சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள். அவர்கள் சந்தேகப்படாமல் மேலே அனுப்பி, மேலிருந்து கட்டளை இறங்கியிருந்தால், சிவப்புப் பெட்டகமும் இரண்டு சாவியும் 12 அடியும் அந்தக் கட்டளையை ஒழுங்காக நிறைவேற்றத்தான் உதவியிருக்கும்.

மேலே என்றால் யார்? அமெரிக்காவில் அது அதிபர் ஒருவர்தான். அவர் கூடவே ஒரு ராணுவ உதவியாளர் சுமந்து திரியும் கறுப்புப் பையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பொத்தான் எதுவும் கிடையாது, திட்டங்களும் தொலைத்தொடர்புச் சாதனமும்தான். அதிபர் தன்னிடம் ஓர் அட்டை வைத்திருப்பார், அதிலுள்ள எழுத்துகள் பேசுவது அதிபர்தான் என்று நிரூபிக்கும். கிளின்டன் காலத்தில் அந்த அட்டை மாதக்கணக்கில் காணாமல் போயிருந்ததாக அப்போதைய கூட்டுப் படைத் தலைவர் ஹியூ ஷெல்டன் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது ஒருபுறம் இருக்கட்டும். அட்டை நிரூபிப்பது ஆள் யார் என்பதை மட்டும்தான். அவர் எடுத்த முடிவு சரியா என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. திருகாணி கழற்ற இருவர் வேண்டும், சாவி திருப்ப நால்வர் வேண்டும், ஆனால் முடிவெடுக்க ஒருவர் போதும். பாதுகாப்புத் துறை அமைச்சருக்குக்கூட அதை மறுக்கும் அதிகாரம் கிடையாது. இருவர் விதி கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

இதை ஒருவர் வாய்விட்டே கேட்டார். 1973இல் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்தில் நிலவறைப் பயிற்சியில் இருந்த மேஜர் ஹரால்ட் ஹெரிங். வியட்நாம் போரில் பணியாற்றியவர். ஏவச் சொல்லி எனக்கு வரும் கட்டளை, புத்தி தெளிவாக உள்ள அதிபரிடமிருந்துதான் வந்தது என்று நான் எப்படி அறிவது என்று வகுப்பில் கேட்டார். அதிபராக இருந்தவர் நிக்ஸன், வாட்டர்கேட் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கேள்வி விதண்டாவாதம் இல்லை. தன் பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றி விதிகள் எவ்வளவு கவலைப்படுகின்றன என்று அவருக்கு அப்போதுதான் கற்பித்துக்கொண்டிருந்தார்கள், அதையே அவர் மேல்நோக்கித் திருப்பினார். பயிற்சியிலிருந்து அவரை விலக்கினார்கள். விசாரணைக் குழு, அவருடைய பதவிக்கு அந்த விவரம் தெரிய வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தது. மனசாட்சி உள்ள மனிதன் என்ற முறையில் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஹெரிங் வாதாடிப் பார்த்தார். விமானப்படையிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிற்பாடு லாரி ஓட்டிப் பிழைத்தார்.

2017 நவம்பரில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு, அதிபரின் இந்த ஒற்றை அதிகாரம் பற்றி ஒரு விசாரணை நடத்தியது. அணு ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ராபர்ட் கேலர் சாட்சியம் சொன்னார். சட்டத்துக்குப் புறம்பான கட்டளை வந்தால் படையினர் அதை ஏற்க வேண்டியதில்லை என்றார். தனக்குச் சட்டச் சந்தேகம் எழுந்தால், செயல்படத் தயாராக இல்லை என்று அதிபரிடம் சொல்வேன் என்றும் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று ஒரு செனட்டர் விடாமல் கேட்டார். சரியாகத் தெரியாது என்றார் கேலர். அரங்கில் சிலர் சிரித்தார்கள். விதியில் மாற்றம் எதுவும் வரவில்லை.